பத்திரிகைப் பத்தியில் கலப்பு உருவகமும் தேய்ந்த உவமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலப்பு உருவகம் என்றால் சரியாக என்ன? ஒரு பாராவில் இரண்டு உவமை வந்தாலே தப்பா?

இரண்டு வருவதில் தப்பில்லை. ஒரு விஷயத்தை ஓர் உலகத்தில் வைத்துத் தொடங்கிவிட்டு, வாக்கியம் முடிவதற்குள் வேறோர் உலகத்துக்குத் தாவிவிடுவதுதான் தப்பு. "ஊழல் என்னும் புற்றுநோயை வேரோடு பிடுங்கி எறிய வேண்டும்" என்று எத்தனையோ பத்திகளில் படித்திருக்கிறோம். புற்றுநோய் உடம்புக்குள் இருக்கிறது, வேர் மண்ணுக்குள் இருக்கிறது, எறிவதற்குக் கையில் கடைசியில் எது மிஞ்சுகிறது என்று யாருக்கும் தெரியாது. படிக்கிறவர் இதைப் பார்த்துச் சிரிப்பதில்லை, கோபப்படுவதும் இல்லை, எதையுமே பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். நமக்கு நஷ்டம் அதுதான்.

கருத்துப் பத்தியில் உருவகம் வாதத்தின் ஒரு பகுதி, அழகுக்கு வைத்தது அல்ல. ஊழலைப் புற்றுநோய் என்று சொன்னால், சீக்கிரம் கண்டுபிடிப்பது, வெட்டி எடுப்பது, மறுபடி வராமல் கண்காணிப்பது என்று ஒரு வழி பிறக்கிறது. களை என்று சொன்னால் அது முளைக்கிற மண்ணைப் பற்றிப் பேச வேண்டும், திரும்பத் திரும்ப முளைப்பதைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டும் வேறு வேறு தீர்வுகள். எழுதியவர் இரண்டையும் கலந்திருக்கிறார் என்றால், பெரும்பாலும் எந்தத் தீர்வைச் சொல்ல வருகிறோம் என்று அவரே இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். அதனால் நான் இதை நடைக் குறையாக மட்டும் பார்ப்பதில்லை.

எழுதும்போது இது கண்ணில் படுவதே இல்லை, அச்சில் வந்த பிறகுதான் தெரிகிறது. ஏன் இப்படி?

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, பெரிய காரணம் அதுதான். உருவகத்தை வாக்கியத்தின் தலையில் வைக்கிறோம், நடுவில் வந்து, போய், எடுத்து, வைத்து என்று நாலைந்து வினையெச்சங்கள் வருகின்றன, முற்றுவினைக்குப் போய்ச் சேரும்போது தொடக்கத்தில் வைத்த படம் மறந்துபோயிருக்கிறது. அந்த நேரத்தில் கை பழக்கத்தில் எந்த வினை வருகிறதோ அது விழுந்துவிடுகிறது: "களைய", "துடைத்தெறிய", "முளையிலேயே கிள்ளியெறிய". பெயர்ச்சொல்லை யோசித்து எழுதுகிறோம், வினையைப் பழக்கத்தில் எழுதுகிறோம்.

அதனால் திருத்தும்போது பெயரைப் பார்க்காதீர்கள், வினையைப் பாருங்கள். பத்தியைத் தாளில் எடுத்து, ஒவ்வொரு உருவகப் பெயரையும் வட்டமிடுங்கள், அதிலிருந்து அந்த வாக்கியத்தின் எல்லா எச்சங்களுக்கும் முற்றுக்கும் ஒரு கோடு போடுங்கள், ஒவ்வொரு கோட்டிலும் "இந்தப் பொருள் இந்த வேலையைச் செய்யுமா, இந்தப் பொருளுக்கு இந்த வேலையைச் செய்ய முடியுமா" என்று கேளுங்கள். தீயை அணைக்கலாம், தீ பரவும், தீ ஆழமாக வேரூன்றாது. புயல் கரையைக் கடக்கும், வலுவிழக்கும், புயலை யாரும் முடிச்சவிழ்க்க முடியாது.

கணினியில் எழுதுகிறவர்கள் முதலில் Ctrl+F போட்டு "போல", "போன்ற", "என்னும்", "எனும்", "என்கிற" ஆகியவற்றைத் தேடிப் பார்க்கலாம். நம் பத்திகளில் உவமையும் உருவகமும் நுழைகிற முக்கியமான கதவுகள் இவைதான், ஒரே பக்கத்தில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தாலே பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் உருபே இல்லாமல் வினையில் மட்டும் ஒளிந்திருக்கிற உருவகங்கள் (குற்றச்சாட்டுகள் வெடித்தன, திட்டம் முடங்கியது) இந்தத் தேடலில் சிக்காது. அவற்றுக்கு வாய்விட்டுப் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பொதுவாகச் சொல்லாமல் ஒரு முழுப் பாராவை எடுத்துத் திருத்திக் காட்ட முடியுமா?

சரி, சென்னை வெள்ளம் பற்றிய பத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே இருப்பது பயிற்சிக்காகக் கட்டிய பாராதான், ஆனால் இதில் இருக்கிற ஒவ்வொரு சொற்றொடரையும் நீங்கள் மழைக்காலத்தில் எங்காவது படித்திருப்பீர்கள்.

"ஏரிகள் சென்னையின் நுரையீரல். அந்த நுரையீரலை ஆக்கிரமிப்பு என்னும் புற்றுநோய் கரையான் போல அரித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அரசு இயந்திரம் கும்பகர்ணத் தூக்கத்திலிருந்து விழித்து, யானைப் பசிக்குச் சோளப்பொரி போலச் சில மோட்டார்களை இறக்கி, தீயை அணைத்துவிட்டதாகத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிறது. இந்த நோயின் ஆணிவேரைப் பிடுங்காதவரை நகரம் வெடிக்கக் காத்திருக்கும் எரிமலைதான்."

நான்கே வாக்கியங்கள். நுரையீரல், புற்றுநோய், கரையான், இயந்திரம், கும்பகர்ணன், யானை, தீ, முதுகு, ஆணிவேர், எரிமலை என்று பத்துப் படங்கள். வெள்ளத்தைப் பற்றிய பாராவில் தீயும் எரிமலையும் வந்திருக்கின்றன, தண்ணீர் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

முதல் வேலை, படங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சொல்ல வந்ததைப் பச்சையாக எழுதிப் பார்ப்பது. இப்படி வரும்: மழைநீர் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போய்க் கடைசியில் கடலைச் சேர ஒரு வழி இருந்தது. அந்த வழியில் சில ஏரிகளும் கால்வாய்களும் கட்டடங்களாகிவிட்டன. மழை பெய்தால் தேங்கியதை இறைக்கிறோம், வழியைத் திறப்பதில்லை.

இப்போது ஒன்று தெளிவாகிறது. இவர் சொல்ல வருவது நோயைப் பற்றி அல்ல, தூக்கத்தைப் பற்றியும் அல்ல. ஒரு பொருள் கைமாறிப் போகிற பாதை நடுவில் அறுந்துவிட்டது, அதைப் பற்றி. பத்துப் படங்களில் ஒன்றுகூடப் பாதையைத் தொடவில்லை. ஆகவே பத்தில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி வைத்துக்கொள்வது தீர்வாகாது, பத்தும் போக வேண்டும்.

அடுத்தது, இடத்தின் உண்மையான நடப்பைத் தெரிந்துகொள்வது. தென்சென்னையில் மேட்டில் இருக்கிற ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியாக வெளியேறி, கால்வாயில் ஓடி, தாழ்வான ஏரிக்குப் போகும். அப்படி வந்து சேர்வதைப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கோவளம் பக்கம் கடல். இதிலிருந்து வினைகளை மட்டும் எடுத்து எழுதுங்கள்: வாங்குகிறது, நிரம்புகிறது, நீட்டுகிறது, தடைபடுகிறது, கொட்டுகிறது. இந்த வினைகள் எல்லாம் சேர்ந்து நடக்கிற வேறு இடம் எது என்று தேடுவதுதான் புது உவமையைத் தேடுவது. "எதைப் போல இருக்கிறது" என்று கேட்டால் பழைய பெயர்கள்தான் வந்து நிற்கும், "இதே வேலை வேறு எங்கே நடக்கிறது" என்று கேட்டால் மனசு தெருவுக்குப் போகும்.

முதலில் தோன்றுவது கூட்டமான பேருந்தில் டிக்கெட் காசைக் கைமாற்றுவது. நல்ல காட்சிதான், ஆனால் நடுவில் ஒருவர் வாங்க மறுத்தால் காசு அங்கேயே நிற்கும், யாருக்கும் அடிபடாது. நம் விஷயத்தில் தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் சேதமே. தொடர் ஓட்டக் கட்டையும் இதே காரணத்தால் கழிகிறது. தளம் போடும் நாளில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவது பொருந்துகிறது: கனம் இருக்கிறது, சட்டி நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது, நடுவில் ஆள் இல்லையென்றால் கீழே இருக்கிறவர் தலையில் கொட்டும்.

திருத்திய பாரா:

"தளம் போடும் நாளில் சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி கைமாற்றுவதைப் பார்த்திருப்போம். தென்சென்னை ஏரிகள் மழையை அப்படித்தான் கைமாற்றிக்கொண்டிருந்தன. மேட்டு ஏரி தனக்கு மிஞ்சியதைக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீட்டும், அது பள்ளிக்கரணைக்கு நீட்டும், பள்ளிக்கரணை ஒக்கியம் மடுவு வழியாகக் கடல் பக்கம் அனுப்பிவிடும். வரிசையின் நடுவில் நின்றவர்களை எடுத்துவிட்டு அங்கே வீடு கட்டினோம். மேலே இருப்பவர் நீட்டுவதை நிறுத்தவில்லை, வாங்கத்தான் கையில்லை, அதனால் அது வாசலில் கொட்டுகிறது. ஒவ்வொரு மழைக்கும் மோட்டார் வைத்து இறைப்பது கொட்டியதை வழித்தெடுக்கிற வேலை. விடுபட்ட இடத்தில் ஆளை நிறுத்துகிற வேலையை யாரும் தொடங்கவில்லை."

"நீட்டும்", "கொட்டுகிறது" ஆகிய வினைகளைக் கவனியுங்கள். இரண்டும் சட்டிக்கும் பொருந்தும், தண்ணீருக்கும் பொருந்தும். வினை இப்படி இரண்டு பக்கமும் நிற்கிறது என்றால் உருவகம் உறுதியாக இருக்கிறது. "வழித்தெடுக்கிற" என்பது கலவைக்கு நன்றாகப் பொருந்தும், தண்ணீருக்குக் கொஞ்சம் இழுக்கும், ஆனாலும் மோட்டார் இறைப்பதன் அலுப்பைச் சொல்வதால் நான் அதை விட்டுவைத்தேன்.

இந்தப் படத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. சித்தாள் சட்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, ஏரி தண்ணீரை வைத்துக்கொள்ளும், கோடையில் நிலத்தடி நீரை ஊற வைக்கும். ஆகவே பத்தியின் அடுத்த பகுதி கோடைத் தட்டுப்பாட்டுக்குப் போகும்போது சித்தாளை அங்கே இழுத்துக்கொண்டு போகக் கூடாது, வெள்ளத்தோடு அவரை விட்டுவிட வேண்டும்.

தேர்ந்தெடுத்த உவமை உண்மையிலேயே பொருந்துகிறதா என்று சோதிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

தொல்காப்பியம் உவமவியலில் ஒரு வழி இருக்கிறது, அதைவிட எளிமையாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. உவமை நான்கு அடிப்படையில் வரும் என்கிறது: வினை, பயன், மெய், உரு. செயல் ஒத்திருக்கிறதா, விளைவு ஒத்திருக்கிறதா, வடிவம் ஒத்திருக்கிறதா, நிறம் ஒத்திருக்கிறதா. உங்கள் உவமைக்குப் பக்கத்தில் இந்த நான்கில் எது என்று எழுதிப் பாருங்கள். எதையும் எழுத முடியவில்லையென்றால் அந்த உவமை அங்கே வெறும் சத்தம்தான்.

"ஏரிகள் சென்னையின் நுரையீரல்" என்பதை இதில் போட்டால் தடுமாறும். மரங்கள் அடர்ந்த இடத்தை நுரையீரல் என்றால் பயன் ஒக்கிறது, காற்றோடு சம்பந்தம் இருக்கிறது. ஏரிக்கு அது எப்படி வந்தது? பூங்காவுக்குச் சொன்னதைக் கேட்டுப் பழகி ஏரிக்கும் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். சதுப்புநிலத்தைச் சிறுநீரகம் என்பவர்களுக்காவது பயன் என்ற அடிப்படை கையில் இருக்கிறது, அழுக்கை வடிகட்டுகிறது. ஆனால் அதுவும் இப்போது தேய்ந்துவிட்டது.

கருத்துப் பத்திக்கு வினையும் பயனும்தான் உதவும். மெய்யும் உருவும் வருணனைக்கு நல்லவை. ஒன்று எப்படித் தெரிகிறது என்று சொல்லி வாசகரை ஒரு முடிவை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது, எப்படி நடக்கிறது, எதில் போய் முடிகிறது என்று சொல்லித்தான் முடியும்.

தேய்ந்த உவமை எல்லாவற்றையும் தூக்கிவிட வேண்டுமா? பழமொழி கூடவா?

பழமொழியை நான் எதிர்க்கவில்லை. எங்கே அது தகவலின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறதோ அங்கேதான் பிரச்சினை. "யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்று எழுதினால், யானையின் பசி எவ்வளவு, பொரி எவ்வளவு என்று எழுதியவருக்கே தெரியாமல் இருக்கலாம், தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லாமல் போய்விடுகிறது.

2019 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் ரயில் ஜூலை 12 அன்று வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், ஒவ்வொன்றிலும் சுமார் 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். இதைப் பற்றி எழுதுகிறவருக்குச் சோளப்பொரிதான் முதலில் கைக்கு வரும். அதை வைக்காமல் கொஞ்சம் கணக்குப் போடுவோம். அப்போது விநியோகத்தைக் குறைத்த பிறகும் நகரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 52 கோடி லிட்டர் போய்க்கொண்டிருந்தது. 25 லட்சம் அதில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. ஒரு நாளின் 1,440 நிமிடங்களில் அது ஏழு நிமிடம். "ஐம்பது வேகன்களில் வந்து சேர்ந்த தண்ணீர், குறைத்துக் கொடுத்த அந்தக் கணக்கிலேயே, நகரத்துக்கு ஏழு நிமிடம் வந்தது" என்று எழுதுங்கள். இதில் உவமையே இல்லை, ஆனால் யானையைவிடப் பெரிதாகக் கண்ணில் நிற்கிறது, யாராலும் மறுக்கவும் முடியாது.

அளவைச் சொல்ல வருகிற பழமொழிகள் எல்லாவற்றுக்கும் இதைச் செய்து பாருங்கள்: கடலில் கரைத்த பெருங்காயம், யானைப் பசி, எல்லாம். லிட்டரை நேரமாக, ரூபாயைத் தலைக்கு இவ்வளவு என்று, ஏக்கரை வாசகருக்குத் தெரிந்த ஒரு மைதானமாக மாற்றுங்கள். நடத்தையைச் சொல்கிற பழமொழிகள் வேறு மாதிரி. வேலியே பயிரை மேய்ந்தது, தும்பை விட்டு வாலைப் பிடித்தது போன்றவை உறவையும் வரிசையையும் சொல்கின்றன, எண்ணால் அவற்றை ஈடுகட்ட முடியாது. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வைத்தால் அதற்கு வேலை கொடுங்கள், யார் வேலி, எது பயிர், மேய்ந்தது என்ன என்று அடுத்த வரியில் பெயர் சொல்லி எழுதுங்கள். அப்படி எழுத முடியவில்லையென்றால் அந்தப் பழமொழி உங்கள் விஷயத்துக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

புராண உவமைகள்? கும்பகர்ணத் தூக்கம், பகீரதப் பிரயத்தனம், சகுனி வேலை...

கதை இன்னும் உயிரோடு இருக்கிறது, நாம் அதில் ஒரே ஒரு துண்டைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். கும்பகர்ணனுக்குத் தூக்கம் தவிர வேறு எதுவும் தெரியாதது போல எழுதுகிறோம், விழித்தபின் அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னவனும் அவன்தான். தவறு என்று தெரிந்தும் கடமைக்காகக் கூட நின்றவன். அதிகாரிகளைப் பற்றிய பத்திக்கு அந்தக் கும்பகர்ணன் எவ்வளவு பொருத்தமாக இருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்!

பகீரதனும் அப்படித்தான். கங்கையைக் கொண்டுவர அவன் பட்ட பாட்டைத்தான் சொல்கிறோம். ஆனால் கங்கை நேராகப் பூமியில் விழுந்தால் பூமி தாங்காது என்பதால் சிவன் சடையில் ஏற்று வேகத்தைக் குறைத்து விட்டார் என்பது கதையின் மறுபாதி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட தண்ணீரைப் பற்றி எழுதுகிறவருக்கு இந்தப் பாதிதான் வேண்டும்: வேகத்தை ஏற்க நடுவில் என்ன இருந்தது, அது இப்போது எங்கே? தேய்ந்த உவமை இப்படித்தான் புதிதாகும், கதையில் யாரும் தொடாத பக்கத்தைத் திறந்தால்.

எல்லா மொழியிலும் உருவகம் புதைந்துதானே கிடக்கிறது? "விலை ஏறியது" கூட உருவகம்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தால் எழுதவே முடியாதே?

விலை ஏறட்டும், பேச்சுவார்த்தை முறியட்டும், அவற்றை யாரும் படமாகப் பார்ப்பதில்லை. ஆனால் பக்கத்தில் அதே உலகத்தைச் சேர்ந்த நிஜப் பொருள் ஒன்று வந்தால் செத்த உருவகம் எழுந்துவிடும். "மின்வெட்டுப் பிரச்சினை இந்த அறிக்கையால்தான் வெளிச்சத்துக்கு வந்தது." "வெள்ள நிவாரணத்துக்கு நன்கொடை வெள்ளமாகப் பாய்ந்தது." "புதிய வங்கிக் கிளைகள் கிராமங்களில் வேரூன்றிவிட்டன." கிளை வேரூன்றுமா என்று வாசகர் ஒரு நொடி நின்றுவிடுவார், அந்த ஒரு நொடியில் உங்கள் வாதம் கை நழுவிவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். உங்கள் பத்தியின் பொருள் எதுவோ, அந்த உலகத்துச் சொற்களை மட்டும் பாருங்கள். தண்ணீர் பற்றிய பத்தியென்றால் பாய்தல், வற்றுதல், மூழ்குதல், ஊற்று, கரை, அலை, ஆழம். மின்சாரம் என்றால் வெளிச்சம், இருட்டு, அதிர்ச்சி, சூடு. மருத்துவம் என்றால் நோய், மருந்து, காயம், நாடி. இந்தச் சொற்கள் அந்தப் பத்தியில் நேர்ப்பொருளில் மட்டும் வர வேண்டும்.

ஓர் உருவகத்தைத் தொடங்கினால் கடைசி உறுப்பு வரைக்கும் முடிக்கத்தான் வேண்டுமா? அப்படிச் செய்தால் செயற்கையாக இருக்கிறதே.

வேண்டியதில்லை. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்" என்ற குறளைப் பாருங்கள். பிறவி கடலாகிவிட்டது, ஆனால் இறைவன் அடியைத் தெப்பம் என்று வள்ளுவர் சொல்லவில்லை, நம்மிடம் விட்டுவிட்டார். இதை ஏகதேச உருவகம் என்கிறார்கள். ஒரு பாதியைச் சொன்னால் மறுபாதி தானாக எழ வேண்டும்.

இதில் நமக்கு முக்கியமானது "நீந்துவர்". தெப்பத்தைச் சொல்லாமல் விட்டாலும் வினையைக் கடலிலேயே வைத்திருக்கிறார். அங்கே "கடப்பர்" என்றோ "வெல்வர்" என்றோ பழக்கத்தில் ஒரு வினை விழுந்திருந்தால் கடல் மங்கியிருக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லாமல் விடலாம், சொன்னது மட்டும் அதே தண்ணீரில் நிற்க வேண்டும். சித்தாள் பாராவிலும் மேஸ்திரி யார், சென்ட்ரிங் எது, கலவை இயந்திரம் எது என்றெல்லாம் நான் போகவில்லை. போயிருந்தால் அது கருத்து போய் விடுகதை ஆகியிருக்கும்.

தண்டியலங்காரமே "இயைபில் உருவகம்" என்று ஒன்றைச் சொல்கிறதே? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவற்றை உருவகமாக்குவதும் அணிதானே?

அணிதான், செய்யுளில். அங்கே கவிஞர் அசையாமல் நிற்கிற ஒரு பொருளின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள் அடுத்தடுத்து வந்தாலும் நாம் பார்த்துக்கொண்டிருப்பது ஒரே பொருளைத்தான். பத்தி அப்படி நிற்பதில்லை. இது நடந்ததால் அது நடந்தது, ஆகவே இதைச் செய்ய வேண்டும் என்று நகர்கிறது. நகர்கிறபோது நடுவில் படம் மாறினால் காரணமும் விளைவும் ஒன்றோடொன்று சேராமல் போய்விடும். இலக்கணத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக அதைத் தலையங்கத்துக்குக் கொண்டுவர நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புற்றுநோய், சுனாமி, முடமான நிர்வாகம், குருட்டுச் சட்டம்... இவை தேய்ந்தவை என்பதால் மட்டுமா தவிர்க்கச் சொல்கிறீர்கள்?

இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கடற்கரையில் பிள்ளையை இழந்த ஒருவர் "விலைவாசிச் சுனாமி" என்று படிக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். கீமோ முடித்து வீடு திரும்பியவர் தன் நோயை ஊழலுக்குப் பெயராகப் படிக்கிறார். பார்வையற்றவர்கள் நம் பத்திகளைக் கணினி வாசிக்கக் கேட்டுப் படிக்கிறார்கள், அவர்களுக்கு நாம் தருவது "குருட்டுச் சட்டம்". இந்தச் சொற்கள் எழுதுகிறவருக்குத்தான் தேய்ந்துவிட்டன, அவர்களுக்குத் தேயவில்லை. பதிலாக என்ன எழுதுவது என்று கேட்டால், நிர்வாகம் என்ன செய்யவில்லை என்பதை எழுதுங்கள். மனு கொடுத்து ஆறு மாதமாகப் பதில் இல்லையென்றால் அதையே எழுதுங்கள்.

ஒரு பத்திக்கு எத்தனை உருவகம் வரலாம்?

எண்ணூறு சொல் பத்திக்குப் பெரிதாக ஒன்று போதும். சிறிதாக இன்னொன்று வேண்டுமானால் பத்தியின் வேறொரு பகுதியில், முதல் படம் முழுசாக இறங்கிய பிறகு, நடுவில் ஒரு பாராவாவது நேரான தகவல் வந்த பிறகு.

இடம் போதாமல் ஆசிரியர் குழு என் பத்தியில் நாலு வரியை வெட்டிவிட்டது. உருவகம் பாதியில் நிற்கிறது. என்ன செய்வது?

இது அடிக்கடி நடக்கிறது, கலப்பு உருவகங்களில் சில இப்படித்தான் பிறக்கின்றன, எழுதியவர் கலக்கவே இல்லை. சித்தாள் பாராவில் முதல் வாக்கியம் போய்விட்டால் கடைசியில் "விடுபட்ட இடத்தில் ஆளை நிறுத்துகிற" என்பது அந்தரத்தில் நிற்கும், எந்த ஆள் என்று யாருக்கும் புரியாது.

அனுப்புவதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உருவகத்தை ஒரே பாராவுக்குள் அடக்கிவிடுங்கள், அதன் சொற்களைத் தலைப்பிலோ கடைசிப் பாராவிலோ தூவி வைக்காதீர்கள். அப்போது வெட்டுகிறவர் அந்தப் பாராவை முழுசாக வெட்டலாம், முழுசாக விடலாம், எப்படியும் மிச்சம் சேதமில்லாமல் இருக்கும். வெட்டிய படி பார்வைக்கு வந்தால், உருவகத்தின் சொற்களை (சட்டி, ஆள், வரிசை, கை) ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். தொடக்கம் போயிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் முன்பு எழுதிய பச்சை வாக்கியங்களை வையுங்கள்: வழி இருந்தது, கட்டடங்களாகிவிட்டது, தேங்கியதை இறைக்கிறோம், வழியைத் திறப்பதில்லை. அதற்காகத்தான் அந்த வாக்கியங்களை அழிக்காமல் கோப்பின் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆசிரியரிடம் பேசும்போதும் "என் உவமையைக் கெடுத்துவிட்டீர்கள்" என்று ஆரம்பிக்காமல், "மூன்றாம் பாராவின் முதல் வரி போனதால் ஐந்தாம் வரி புரியாது, இரண்டையும் எடுத்துவிட்டு இந்த ஒரு வரியைப் போடுங்கள்" என்று மாற்று வரியோடு சொன்னால், அச்சுக்குப் போகிற அவசரத்திலும் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள்.